இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டும் கிளைமும் ஒரே லைன்ல வந்தா எப்படி கணக்கு பாக்குறது?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர்ல யூனில படிக்கிறேன், இப்ப இன்டர்ன்ஷிப்ல இருக்கேன். ஸ்டைபெண்ட் மாசம் 1,000 வெள்ளி. ஏப்ரல்ல ஆபீசுக்காக கைக்காசு போட்டத திரும்ப கேட்டு அஞ்சு கிளைம் போட்டேன். கிராப் 28.40, போர்டு பிரிண்டிங் 38.00, டீமுக்கு பபிள் டீ 21.50, பஸ் எம்ஆர்டி 4.20, பேட்டரி கேபிள் 16.90, மொத்தம் 109. ஆனா பேங்க்ல வந்தது ஒரே லைன்ல 1,066.40. எது வந்துச்சு எது வரலன்னே தெரியல. இதெல்லாம் எப்படி எழுதி வைக்கிறது? அப்புறம் மார்ச் 16ல சேந்தேன், அந்த மாசம் 516.13 தான் போட்டாங்க, அது சரியா?

பதில்:

தம்பி, நான் ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், இன்டர்ன் பிள்ளைங்க கிளைம் எல்லாம் கடைசில என் மேசைக்கு தான் வரும், அதனால அந்தப் பக்கத்துல இருந்து எப்படித் தெரியும்னே சொல்றேன்.

முதல்ல 1,066.40ஐ பிரிச்சிடுவோம். ஸ்டைபெண்ட் 1,000 கழிச்சா 66.40. உன்னோட அஞ்சு தொகைல எதை எதை கூட்டினா 66.40 வரும்னு பாரு. கிராப் 28.40, பிரிண்டிங் 38.00, ரெண்டும் சேந்தா சரியா 66.40. கிராப், பபிள் டீ, கேபிள் மூணையும் கூட்டினா 66.80 வரும், கிட்டத்தட்ட ஒண்ணுதானேன்னு அதுல நின்னுடாத. இந்த வேலைல 40 காசு வித்தியாசம்னா அது வேற கணக்குன்னு தான் எடுத்துக்கணும், ஒரு காசு கூட தள்ளாம பொருந்துற வரைக்கும் தேடணும். அப்படிப் பாத்தா வராம நிக்கிறது பபிள் டீ 21.50, பஸ் எம்ஆர்டி 4.20, கேபிள் 16.90, ஆக மொத்தம் 42.60. இது ஊகம் தான், ஆனா பலமான ஊகம். ஏன்னா சில கம்பெனில ஒரு கிளைம்ல பாதிய மட்டும் பாஸ் பண்ணுவாங்க, அப்ப கூட்டல் வேற மாதிரி போயிடும். அதனால ஃபைனான்ஸ்கிட்ட "என் பணம் குறைஞ்சிருக்கு"ன்னு கேக்காம, "66.40ல எந்த எந்த கிளைம் சேந்திருக்கு, மீதி 42.60 நிராகரிப்பா, இல்ல அடுத்த மாசமா"ன்னு கேளு. முதல் மாதிரி கேட்டா நாங்க ஃபைல தோண்டணும், அது நாளைக்கு நாளன்னைக்குன்னு தள்ளிப் போகும். ரெண்டாவது மாதிரி கேட்டா ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துடும்.

சரி, அந்த மூணும் ஏன் நின்னிருக்கும்?

கேபிள் தான் சுலபம். எந்த தேதில கிளைம் போட்டேன்னு பாரு. பல கம்பெனில மாசத்துக்கு ஒரு கட்-ஆஃப் தேதி இருக்கும், 20ஆம் தேதின்னு வச்சுக்கோ, அதுக்குள்ள வந்து பாஸ் ஆனது மட்டும் தான் அந்த மாச சம்பளத்தோட போகும். நீ 22ஆம் தேதி வாங்கி அன்னைக்கே போட்டிருந்தாலும் அது மே மாசத்துக்கு தான் போகும். இதுல யார் தப்பும் இல்ல. இன்னொண்ணும் கவனி, நீ போட்ட தேதியும் சூப்பர்வைசர் அப்ரூவ் பண்ண தேதியும் வேற வேற. 18ஆம் தேதி போட்டு, அவர் லீவுல போயி 23ஆம் தேதி அப்ரூவ் பண்ணா அதுவும் தள்ளிப் போயிடும். கட்-ஆஃபுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி அவருக்கு ஒரு மெசேஜ் தட்டி விடுறதுல தப்பே இல்ல.

பஸ் எம்ஆர்டி 4.20 தான் எனக்கு நிறைய வந்து குவியுற தலைவலி. இப்ப எல்லாரும் பேங்க் கார்டையோ ஃபோனையோ தட்டி ஏறுறீங்க, கிளைம் போடும்போது பேங்க் ஸ்டேட்மென்ட் ஸ்கிரீன்ஷாட் அனுப்புறீங்க. அதுல BUS/MRT ன்னு ஒரு லைன், ஒரு தொகை. ஆனா அந்த தொகை ஒரு பயணத்தோடது இல்ல, பல தடவை சில நாள் பயணத்த சேத்து மொத்தமா கார்டுல எடுக்குறாங்க. நீ 4.20 கேக்குற, ஸ்டேட்மென்ட்ல 11 வெள்ளி சொச்சம் இருக்கு, அதுல உன் 4.20 எங்க இருக்குன்னு நான் எப்படி கண்டுபிடிக்கிறது? அதுக்கு சிம்ப்ளிகோ ஆப்புல கார்ட சேத்துட்டு பயண விவரத்த எடுத்து அனுப்பு, எங்க ஏறுன எங்க இறங்குன எவ்வளவுன்னு தனித்தனியா காட்டும். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு தடவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிடு, மூணு மாசம் கழிச்சு தேடுற வேலை வேணாம்.

அதுலயே ஒரு நுணுக்கம் இருக்கு. நம்ம ஊர் கட்டணம் தூரத்த வச்சு, மாறி மாறி ஏறுனாலும் ஒரே பயணமா சேத்து கணக்கு பண்றது. இறங்குன 45 நிமிஷத்துக்குள்ள அடுத்த பஸ் ஏறிட்டா அது புதுப் பயணமா இல்லாம தொடர்ச்சியா எண்ணப்படலாம். வீட்ல இருந்து ஆபீஸ் வந்து ஒரு பெட்டிய எடுத்துக்கிட்டு பத்து நிமிஷத்துல கிளையண்ட் இடத்துக்கு கிளம்பினா, ஆபீஸ்ல இருந்து கிளையண்டுக்கு ஆன செலவு ஆப்புல சில காசு தான் காட்டும். அத பாத்துட்டு "தனியா போனா 1.80 ஆகும்"னு 1.80 போடக் கூடாது, கார்டுல போனது எவ்வளவோ அது தான் கிளைம். அதே மாதிரி மாசாந்திர சலுகை பாஸ் வச்சிருந்தா அந்தப் பயணத்துக்கு தனியா காசே போகல, அப்ப கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, பாஸ் காசுல ஒரு பங்கு தருவாங்களான்னு வேணா ஹெச்ஆர்கிட்ட கேட்டுப் பாக்கலாம், பெரும்பாலும் இல்லைன்னு தான் சொல்வாங்க.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வர்ற காசு பொதுவா உன் செலவு. ஆபீஸ்ல இருந்து வேலை விஷயமா வெளிய போறது தான் கிளைம். நடுவுல ஒரு சாம்பல் இடம் இருக்கு, வீட்ல இருந்து நேரா கிளையண்ட் இடத்துக்கு போறது. சில கம்பெனி முழுசா குடுக்கும், சில கம்பெனி வழக்கமா ஆபீசுக்கு ஆகுறத கழிச்சு மீதிய மட்டும் குடுக்கும், வழக்கமா 1.60, அன்னைக்கு 2.20ன்னா 60 காசு. அற்பமா தெரியும், ஆனா ஒரு ரூல் இருந்தா அதுபடி எழுதுறது தான் நல்லது. இன்னொண்ணு, உன் ஆஃபர் லெட்டர எடுத்து போக்குவரத்து அலவன்ஸ்னு மாசாமாசம் ஒரு தொகை இருக்கான்னு பாரு. இருந்தா பல இடத்துல அதுலயே இந்த பஸ் செலவெல்லாம் அடக்கம், அதுக்கு மேல பஸ் கிளைம் போட்டா ரெண்டு தடவை வாங்குற மாதிரி ஆயிடும், யாரும் கெட்ட எண்ணத்தோட செய்யாட்டியும் பாக்குறவங்களுக்கு நல்லா இருக்காது.

பபிள் டீ 21.50. இதுல ரிசிட் பிரச்சினையா இருக்காது, காரணம் தான் பிரச்சினையா இருக்கும். சாப்பாடு குடி சமாச்சாரம் வந்தாலே ஃபைனான்ஸ் கேக்குறது மூணு, யார் வாங்க சொன்னது, யார் யாருக்கு, எதுக்கு. சூப்பர்வைசர் "நீ வாங்கிட்டு வா, கிளைம் பண்ணிக்கலாம்"னு வாயால சொல்லியிருப்பார், அவர் நல்லவர் தான், ஆனா அவருக்கே அத பாஸ் பண்ற அதிகாரம் இருக்கான்னு தெரியாது. அதனால காசு போடுறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ஒரு வரி, "இன்னைக்கு டீமுக்கு ட்ரிங்ஸ், சுமார் 20 வெள்ளி, கிளைம் போடலாமா"ன்னு கேட்டு, அவர் ஓகே சொன்னத கிளைமோட ஒட்டிடு. இப்ப நடந்து முடிஞ்சிருந்தா, அவர்கிட்ட ஒரு ஈமெயில் வாங்கி பேர்களையும் எழுதி திரும்ப அனுப்பு, பெரும்பாலும் வந்துடும். வரலன்னா 21.50 போச்சு லா, அத வச்சு சண்டை போடுற அளவுக்கு இல்ல.

ரிசிட்ட பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பாஸ் ஆன ரெண்டும் ஏன் பாஸ் ஆச்சுன்னு அதுல தான் புரியும். கிராப் ரிசிட் ஈமெயில்ல வருது, ஏறுன இடம் இறங்குன இடம் நேரம் எல்லாம் இருக்கு, கேள்வியே இல்ல. புரோமோ போட்டிருந்தா கழிச்சது போக கார்டுல போன தொகைய மட்டும் போடு. பிரிண்டிங் கடை, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் மாதிரி இடத்துல வாங்கியிருந்தா முறையான ரிசிட் குடுத்திருப்பாங்க. ஆனா நெறைய பேர் நெட்ஸ் மெஷின்ல இருந்து வர்ற சின்ன சீட்ட மட்டும் அனுப்புறாங்க. அதுல தொகையும் தேதியும் இருக்கும், என்ன வாங்குனேன்னு இருக்காது. அது நீ காசு கட்டினதுக்கு சாட்சி, என்ன வாங்குனதுக்கு சாட்சி இல்ல. கடை ரிசிட்டும் வேணும்.

கம்பெனி ஜிஎஸ்டி பதிவு பண்ணியிருந்தா எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இப்ப ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 2024 ஜனவரில இருந்து. கடை ஜிஎஸ்டி சேத்து 38.00 வாங்கியிருந்தா அதுக்குள்ள இருக்குற வரி 38.00ஐ 109ஆல வகுத்து 9ஆல பெருக்கினா 3.14. இத கம்பெனி வரித்துறைகிட்ட இருந்து திரும்ப எடுக்கலாம், ஆனா ரிசிட்ல கடையோட ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கணும். 1,000 வெள்ளி வரைக்கும் சுருக்கமான ரிசிட்டே போதும், கம்பெனி பேர் போடணும்னு கட்டாயம் இல்ல, அதனால தான் சாதாரண கடை ரிசிட்ட நாங்க ஏத்துக்குறோம். உன் சொந்த சாமானையும் ஆபீஸ் சாமானையும் ஒரே ரிசிட்ல வாங்காத. முஸ்தபால பேட்டரியோட உனக்கு ஷாம்பூவும் எடுத்தா ரெண்டு தடவையா காசு கட்டு, வரிசை நீளமா இருந்தாலும் பரவால்ல.

சிம் லிம் டவர்ல சின்ன கடைல பேநவ் பண்ணி வாங்குனா, ஃபோன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வச்சுக்கிட்டு வந்துடாத, கடைக்காரர்கிட்ட கையால எழுதின ரிசிட்டாவது கேளு, தேதி, சாமான், தொகை, கடை முத்திரை. கேட்டா குடுத்துடுவாங்க, கேக்கலன்னா யாரும் தானா குடுக்க மாட்டாங்க.

அப்புறம் அந்த வழவழ பேப்பர் ரிசிட் சூட்டுல அச்சாகுறது, பர்ஸ்ல வச்சா சில வாரத்துல மங்கிடும். அன்னைக்கே ஃபோட்டோ எடு, பேர இப்படி வை:

```
2026-04-10_38.00_printing.jpg
```

வருஷம் மாசம் தேதின்னு ஆரம்பிச்சா ஃபோல்டர்ல தானா வரிசையா நிக்கும், தொகை பேர்லயே இருந்தா தேடும்போது படத்த திறக்கவே வேணாம். லாமினேட் மட்டும் பண்ணிடாத, அந்த சூட்டுல மொத்தமும் கருத்துடும்.

இப்ப எழுதி வைக்கிற விஷயம். ஆப் எதுவும் வேணாம், கூகுள் ஷீட் ஒண்ணு போதும். முக்கியமான விஷயம், ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி, ஸ்டைபெண்டுக்கும் மாசம் ஒரு வரி, எல்லாம் ஒரே ஷீட்டுல. நெறைய பேர் செலவ மட்டும் எழுதி வச்சிட்டு வந்த பணத்த எழுத மாட்டாங்க, அப்ப தான் உன்ன மாதிரி ஒரே லைன்ல 1,066.40 வந்ததும் முழிக்கிறது. ஏழு நெடுவரிசை போடு. A தேதி, B என்ன செலவு, C வகை, D தொகை, E கிளைம் போட்ட தேதி, F பணம் வந்த தேதி, G வந்த தொகை. ஸ்டைபெண்ட் வரில D எவ்வளவு வரணுமோ அது, G எவ்வளவு வந்துச்சோ அது. F, G ரெண்டும் பணம் வர்ற வரைக்கும் காலியா இருக்கட்டும், நிராகரிச்சா G ல 0 போட்டு B ல காரணம் எழுது, வரிய அழிக்காத.

பணம் வந்த அன்னைக்கு பேங்க்ல காட்டுற தேதிய J1 ல போட்டு இத பக்கத்துல வை:

```
=SUMIFS(G2:G,F2:F,J1)
```

அந்த தேதில வந்ததா நீ குறிச்ச எல்லாத்தையும் கூட்டிக் குடுக்கும். உன் கேஸ்ல 1,000 ஒரு வரி, 28.40 ஒரு வரி, 38.00 ஒரு வரி, கூட்டினா 1,066.40. பேங்க் தொகையோட ஒரு காசு வித்தியாசம் இல்லாம ஒத்துப் போகணும், இல்லன்னா எந்த வரியையோ தப்பா குறிச்சிருக்கே. இன்னும் வராம இருக்குறது எவ்வளவுன்னு பாக்க:

```
=SUMIFS(D2:D,F2:F,"")
```

இது 42.60 காட்டணும். நிராகரிச்சதுக்கும் பதில் வந்த தேதிய F ல போட்டுடு, இல்லன்னா அதையும் பாக்கின்னு காட்டிக்கிட்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை, J1 தேதியும் F தேதியும் நிஜமான தேதியா இருக்கணும், ஒண்ண மட்டும் "28 ஏப்ரல்"னு எழுத்தா டைப் பண்ணா ரெண்டும் பொருந்தாம ஃபார்முலா 0 காட்டலாம், நீ ஃபார்முலா கெட்டுப் போச்சுன்னு நெனப்பே.

இப்ப மார்ச் 516.13. அவங்க எப்படி போட்டிருக்காங்கன்னா, மார்ச்ல 31 நாள், நீ 16ல இருந்து 31 வரைக்கும் 16 நாள், 1,000ஐ 31ஆல வகுத்து 16ஆல பெருக்கினா 516.13. நாள்காட்டி நாள் கணக்கு. ஆனா மனிதவள அமைச்சு முழுசா வேலை செய்யாத மாசத்துக்கு சொல்ற கணக்கு வேற, மாச சம்பளத்த அந்த மாசத்துல இருக்குற வேலை நாளால வகுத்து, நீ வேலை செஞ்ச நாளால பெருக்கணும். திங்கள் முதல் வெள்ளின்னா இந்த மார்ச்ல 22 வேலை நாள், 16ல இருந்து 31 வரைக்கும் 12 நாள், 1,000ஐ 22ஆல வகுத்து 12ஆல பெருக்கினா 545.45. உனக்கு 29.32 குறைவு. உன் ஒப்பந்தம் வேலை ஒப்பந்தமா, இல்ல பயிற்சி ஏற்பாடான்றத பொறுத்து அந்த ரூல் உன்ன கட்டுப்படுத்துமான்னு மாறும், அதனால "நீங்க தப்பு"ன்னு ஆரம்பிக்காத. ஆஃபர் லெட்டர்ல பாதி மாசத்துக்கு எப்படின்னு ஏதாவது எழுதியிருந்தா அது தான். ஒண்ணும் இல்லன்னா ரெண்டு கணக்கையும் எழுதி, எந்த முறைல போட்டீங்கன்னு ஹெச்ஆர்கிட்ட கேளு. இத இப்பவே கேக்கணும், கடைசி மாசமும் பாதில முடியும் பாரு, அப்ப எந்த முறைன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். சம்பளமில்லா லீவு ஒரு நாளுக்கும் இதே கதை தான், 22 வேலை நாள் மாசத்துல 45.45, 20 நாள் மாசத்துல 50.00, மாசத்துக்கு மாசம் மாறும், அத பாத்து பயந்துடாத.

பேஸ்லிப் குடுத்தா ஸ்டைபெண்ட், கழிவு, கிளைம் மூணும் தனித்தனி வரியா இருக்கான்னு பாரு. குடுக்கலன்னா ஈமெயில்ல பிரிச்சு அனுப்ப சொல்லு. ஆபீசுக்காக நீ கைக்காசு போட்டு திரும்ப வாங்குறது சம்பளம் இல்ல, அதுக்கு சிபிஎஃப் கிடையாது, மாசாமாசம் ஒரே தொகையா வர்ற அலவன்ஸ் அப்படி இல்ல, சம்பளத்தோட சேந்தது. யூனி பாடத்துலயே உள்ள இன்டர்ன்ஷிப்புக்கு பொதுவா சிபிஎஃப் வராது, ஆனா இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ஸ்கூல் டேர்ம்ல அதே கம்பெனில பார்ட் டைமா இருந்தா கதை மாறும், அப்ப ஷீட்டுல புதுசா ஒரு வகை ஆரம்பிச்சிடு, பழையதோட கலக்காத.

கடைசி வாரம் தான் நெறைய பேர் காசு விடுற இடம். கடைசி நாள் சாயங்காலம் லாகின் போயிடும், அதோட கிளைம் சிஸ்டமும் போயிடும், நீ போட்டது என்ன நிலைமைல இருக்குன்னு பாக்கவும் முடியாது. அதனால கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லா கிளைமையும் போட்டு, அப்ரூவ் ஆனத உறுதி பண்ணிட்டு, கிளைம் பக்கத்தையும் பேஸ்லிப்பையும் பிடிஎஃப்ஆ இறக்கி உன்கிட்ட வச்சுக்கோ. ஆபீஸ் ரகசியம் எதையும் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிடாத, உன் கிளைம் உன் பேஸ்லிப் மட்டும் போதும். கடைசி மாச பணம் நீ கிளம்பின அப்புறம் தான் வரும், ஃபைனான்ஸ்கிட்ட உன் சொந்த ஈமெயிலும், எந்த தேதில என்ன வரணும்ன்ற தொகையும் எழுதி குடுத்துட்டு வா. அந்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் வரலன்னா முதல்ல ஃபைனான்ஸ், அடுத்து சூப்பர்வைசர், அதுக்கும் பதில் இல்லன்னா உன் யூனில இன்டர்ன்ஷிப் பாக்குற ஆபீஸ். அவங்ககிட்ட போகும்போது இந்த ஷீட்டுல F காலியா இருக்குற பாக்கி வரிங்கள மட்டும் காப்பி பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் ரிசிட் ஃபோட்டோவ சேத்து அனுப்பு, கதை சொல்ல வேண்டியதே இல்ல.